லைபேஸ் நார்மல் மாதிரிதான் இருக்குன்னு நான் சொன்னேன், தப்பு

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிற பொதுநல மருத்துவர், கால்நடை மருத்துவர் இல்லை. ஆனா எங்க வீட்டு நாய்க்கு வந்த திடீர் கணைய அழற்சியில நான் பண்ண ஒரு தப்பையும், அந்த நாலு நாள்ல ஒரு கால்நடை மருத்துவர்கிட்ட கத்துக்கிட்டதையும் எழுதி வைக்கணும்னு தோணுச்சு. நாய் வளர்க்கிறவங்களும், நாய் வளர்க்கிற டாக்டர்களும் படிங்க. ரெண்டாவது கூட்டம் கண்டிப்பா படிங்க.

எங்க வீட்டு நாய் பேரு புஜ்ஜி. வெள்ளை பொமரேனியன், 7 வயசு, கருத்தடை பண்ணினது, 8 கிலோ. அந்த உடம்புக்கு 8 கிலோ ஜாஸ்தின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒண்ணும் பண்ணலை.

தீபாவளிக்கு மறுநாள் காலையில மஞ்சளா நுரை நுரையா வாந்தி. மதியத்துக்குள்ள அஞ்சு தடவை. தண்ணி குடிச்சாலும் வெளியே வந்தது. அப்புறம் ஒரு விநோதமான காரியம் பண்ணினா. முன்னங்கால் ரெண்டையும் தரையில முழங்கை படுற மாதிரி நீட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி வச்சுக்கிட்டு அப்படியே நின்னா. நாய் சோம்பல் முறிக்கும்போது ரெண்டு செகண்டு அப்படி நிக்கும். இவ நிமிஷக்கணக்கா நின்னா. மேல்வயிறு வலிக்குதுன்னு நாய் சொல்ற விதம் அது. கணைய அழற்சி வந்த மனுஷங்க முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்தா கொஞ்சம் சுகமா இருக்குன்னு சொல்வாங்க இல்லையா, அதே கதைதான். வார்டுல நூறு தடவை பார்த்திருக்கேன். வீட்டு ஹால்ல பார்த்தப்போ எனக்கு உறைக்கலை.

"என்னம்மா குடுத்தீங்க?"ன்னு கேட்டேன். அம்மா முதல்ல ஒண்ணும் சொல்லலை. அப்புறம் மெதுவா, "மட்டன்ல இருந்து எடுத்த கொழுப்பு கொஞ்சம் இருந்ததுப்பா. வாலை ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. மனசு கேக்கலை"ன்னாங்க. 'கொஞ்சம்'னா ஒரு கிண்ணம்னு பிறகு தெரிஞ்சது.

இங்கதான் என் புத்திசாலித்தனம் ஆரம்பிக்குது. நாமதான் டாக்டராச்சேன்னு, தெரிஞ்ச கால்நடை உதவியாளரை வரவச்சு ரத்தம் எடுத்து, என் கிளினிக் பக்கத்துல இருக்கிற லேப்ல அமிலேஸ், லைபேஸ் பார்க்கச் சொன்னேன். அது மனுஷங்களுக்கான லேப். அமிலேஸ் நார்மல்னு வந்தது. லைபேஸ் 98, ரிப்போர்ட்ல போட்டிருந்த மேல் வரம்பு 60. எங்க பாடத்துல மூணு மடங்கு தாண்டினாத்தான் கணைய அழற்சி. இது ரெண்டு மடங்கு கூட இல்லை. "கணையம் இல்லைம்மா, சாதாரண வயித்துக்கோளாறு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டேன். டெக்னீஷியன் போன்ல, "சார், சீரம் பால் மாதிரி வெள்ளையா இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னார். அதையும் காதுல வாங்கலை.

ராத்திரி எட்டு மணிக்கு அவ எழுந்திருக்கலை. ஈறு காய்ஞ்சு ஒட்டுச்சு. அப்பத்தான் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். கிட்டத்தட்ட பத்து மணி நேரம் போயிருந்தது.

அந்த டாக்டர் என்னை விட வயசுல ரொம்பச் சின்னவங்க. என் லேப் ரிப்போர்ட்டை நீட்டினேன். பார்த்துட்டு மேஜை ஓரத்துல வச்சாங்க.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தப் பேப்பர் புஜ்ஜியைப் பத்தி எதுவுமே சொல்லலை."

ஏன்னு கேட்டேன். ட்ரிப்ஸ் போட்டுக்கிட்டே விளக்கினாங்க. அதை என் பாஷையில சொல்றேன்.

சாதாரண லைபேஸ் டெஸ்ட் என்ன பண்ணுது? ரத்தத்துல கொழுப்பை உடைக்கிற வேலை எவ்வளவு நடக்குதுன்னு அளக்குது. அந்த வேலையைச் செஞ்சது யாருன்னு அது கேக்கறதில்லை. நாய்க்கு கணையம் மட்டுமில்லாம இரைப்பை, கல்லீரல்னு வேற இடங்கள்ல இருந்தும் லைபேஸ் வரும். பரிசோதனையில கணையத்தை முழுசா எடுத்த நாய்களோட ரத்தத்துலயும் லைபேஸ் வேலை மிச்சம் இருந்திருக்கு. சிறுநீரகம் மந்தமானா ஏறும், ஸ்டீராய்டு குடுத்தா ஏறும். இன்னொரு பக்கம், கணையம் நிஜமாவே வெந்துக்கிட்டு இருக்கும்போது நார்மலாவும் இருக்கும். நான் வச்சுப் பார்த்த 60ங்கிற வரம்பு மனுஷனோடது. மூணு மடங்கு விதியும் மனுஷனோடது. ரெண்டையும் நாய் மேல போட்டா என்ன வரும்?

நாய்க்குன்னு தனி டெஸ்ட் இருக்கு. அமெரிக்காவுல டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல உருவாக்கினது. இது வேலையை அளக்காது, ஆளை அடையாளம் பார்க்கும். நாயோட கணையத்துல மட்டும் உருவாகிற லைபேஸ் புரதத்தைப் பிடிக்கிற எதிர்ப்பொருளை வச்சு, அந்தப் புரதம் எவ்வளவு இருக்குன்னு எண்ணும். சிபிஎல்னு சொல்றாங்க. மனுஷ லேப்ல இது கிடையாது. இருந்தாலும் மனுஷப் புரதத்துக்குச் செஞ்ச எதிர்ப்பொருள் இதுக்கு உதவாது.

இதுல ரெண்டு வடிவம். ஒண்ணு, கிளினிக்லயே பண்ற ஸ்நாப் கிட். பத்து நிமிஷத்துல ரெண்டு நீலப் புள்ளி தெரியும். ஒண்ணு ஒப்பீட்டுப் புள்ளி, இன்னொண்ணு நம்ம நாயோடது. நாயோடது வெளிறி இருந்தா நார்மல். சமமாவோ கருப்பாவோ இருந்தா அசாதாரணம். இன்னொரு வடிவம் எண்ணாவே தரும். லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரைக்கும் நார்மல். 400, அதுக்கு மேல போனா கணைய அழற்சியோட பொருந்துது. நடுவுல இருக்கிறது ரெண்டுங்கெட்டான், கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும்.

புஜ்ஜியோட புள்ளி நல்ல கருநீலம். மறுநாள் வந்த எண் 800ஐத் தாண்டி இருந்தது.

அப்பாடா, வியாதி கண்டுபிடிச்சாச்சுன்னு நான் மூச்சு விட்டேன். அந்தம்மா விடலை. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

"சார், இந்தப் புள்ளி வெளிறி இருந்திருந்தா நான் தைரியமா வேற காரணம் தேடியிருப்பேன். கருப்பா இருக்கிறதுனால தேடறதை நிறுத்த முடியாது."

ஏன்னா கணையம் தனியா ஒரு மூலையில உட்கார்ந்திருக்கிற உறுப்பு இல்லை. அதோட வலது கை முன்சிறுகுடலை ஒட்டியே போகுது. இடது கை இரைப்பைக்குப் பின்னாடி. பக்கத்து வீட்டுல தீப்பிடிச்சாலும் இங்க சுவர் சூடாகும். அவங்க பார்த்த ஒரு லாப்ரடார் கதை சொன்னாங்க. மாம்பழ சீசன், வாந்தி, வயித்துவலி. கிட்ல புள்ளி கருப்பு. கணைய அழற்சின்னு எழுதி, ரெண்டு நாள் ட்ரிப்ஸ் ஏத்தியும் வாந்தி நிக்கலை. அப்புறம் ஸ்கேன் பண்ணினா முன்சிறுகுடல்ல மாங்கொட்டை. அந்தக் கிட் பொய் சொல்லலை. கணையமும் கோபமாத்தான் இருந்தது. ஆனா அந்த நாயைக் கொல்லப் போனது மாங்கொட்டை. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்களாம்.

அதனால ராத்திரி பத்து மணிக்கே புஜ்ஜிக்கு அல்ட்ராசவுண்ட் வச்சாங்க. கணையத்தைப் பார்க்கத்தான்னு நினைச்சேன். முதல் வேலை அது இல்லை. குடல்ல அடைப்பு இருக்கா, பித்தப்பை எப்படி இருக்கு, கருத்தடை பண்ணாத பெண் நாயா இருந்தா கர்ப்பப்பையில சீழ் இருக்கா. இதையெல்லாம் கழிச்சுக் கட்டத்தான் ஸ்கேன். அடைப்பு எதுவும் இல்லை. கணையம்? வாயு நிறைஞ்சு கிடந்ததுல சரியாவே தெரியலை. தெரிஞ்ச வரைக்கும் பெருசா மாற்றம் இல்லை.

"அப்போ ஸ்கேன் நார்மலா?"ன்னு கேட்டேன்.

"இன்னிக்குத் தெரியலை சார். ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்."

மூணாவது நாள் பார்த்தப்போ அதே இடம் வேற ஊர் மாதிரி இருந்தது. கணையத்தோட வலது பக்கம் வீங்கி, கருப்பா. அதைச் சுத்தி இருக்கிற கொழுப்பு பளிச்சுன்னு வெள்ளையா. பக்கத்துல மெல்லிசா ஒரு கோடு நீர். முன்சிறுகுடல் சுவர் சுருக்கம் விழுந்த துணி மாதிரி. கருவியை அந்த இடத்துல வச்சு லேசா அழுத்தினதும் புஜ்ஜி தலையைத் திருப்பி முறைச்சா.

ஏன் இந்தக் கருப்பும் வெள்ளையும்னு யோசிச்சா நோயே புரிஞ்சிடும். கணையம் செரிமான நொதிகளைப் பூட்டி வச்சுத்தான் அனுப்பும், குடலுக்குப் போய்த்தான் பூட்டு திறக்கணும். இந்த நோயில பூட்டு உள்ளேயே திறந்துக்குது. கணையம் தன்னையே செரிக்க ஆரம்பிக்குது. நீர் கோத்து வீங்கின திசு ஸ்கேன்ல கருப்பாத் தெரியும். வெளியே கசிஞ்ச நொதி சுத்தி இருக்கிற கொழுப்பைப் பதம் பார்க்கும். அழற்சி வந்த அந்தக் கொழுப்பு வெள்ளையா மின்னும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வர நேரம் ஆகும். ரத்தம் முந்திச் சொல்லும், படம் பிந்தி வரும். அதே மாதிரி நாய் தேறி ஓடியாடற நேரத்துலயும் படத்துல பழைய தழும்பு மாதிரி மாற்றம் தங்கியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மருந்தை நீட்டக் கூடாது. இன்னொண்ணு, ரத்தத்துல ஆல்புமின் குறைஞ்சாலும் கணையம் நீர் கோத்துத் தெரியும். அது அழற்சி இல்லை. படம் பார்க்கிற கையும் கண்ணும் பழகினதா இருக்கணும்.

சிகிச்சையைச் சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா அதுல மாயம் எதுவும் இல்லை. ரிங்கர் லாக்டேட் ட்ரிப்ஸ், மரோபிடன்ட்டுனு நாய்களுக்கான வாந்தி ஊசி கிலோவுக்கு 1 மி.கி. தினம் ஒண்ணு, ஓபியாய்டு வகை வலி ஊசி. வலி மருந்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்கன்னு சொன்னாங்க. நாய் கத்தலைன்னா வலிக்கலைன்னு அர்த்தம் இல்லை. ஆன்டிபயாட்டிக் குடுக்கலை. பெரும்பாலும் இதுல கிருமி கிடையாது. வீட்டுல இருக்கிற டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எதையும் நாய்க்குத் தராதீங்க. தண்ணி வத்தின உடம்புல அது சிறுநீரகத்தையும் இரைப்பையையும் சேர்த்துக் கெடுக்கும்.

சாப்பாட்டு விஷயத்துல எனக்கு மறுபடி ஒரு குட்டு விழுந்தது. "எத்தனை நாள் வாய்வழியா ஒண்ணும் தரக் கூடாது?"ன்னு கேட்டேன். கணையத்துக்கு ஓய்வு குடுக்கிறதுன்னு நான் படிச்ச காலத்துப் பாடம். மனுஷங்களுக்கே அது மாறிடுச்சு. நாய்க்கும் அப்படித்தான். வாந்தி அடங்கினதும், முடிஞ்சா முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே, கொஞ்சமா ஊட்ட ஆரம்பிக்கணும். குடல் சுவர் உள்ளே வர்ற சாப்பாட்டைச் சாப்பிட்டுத்தான் உயிரோட இருக்கு. பட்டினி போட்டா அது மெலிஞ்சு கிருமிக்கு வழி விடும். தானா சாப்பிடாம இருந்த நாளையும் கணக்குல சேர்த்து மூணு நாள் ஆயிட்டா மூக்கு வழியா குழாய் போட்டுடுவேன்னு சொன்னாங்க.

எவ்வளவு தரணும்? படுத்திருக்கிற நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரிக்கு ஒரு கணக்கு இருக்கு: 70 × (கிலோ எடை)^0.75. போன் கால்குலேட்டர் போதும். 8 × 8 × 8 = 512. அதுக்கு வர்க்கமூலம் ரெண்டு தடவை போட்டா 4.76. அதை 70ஆல பெருக்கினா சுமார் 333 கலோரி. முதல் நாள் அதுல கால் பங்கு மட்டும், சின்னச் சின்னதா நாலஞ்சு தடவை. தாங்கினா மறுநாள் பாதி. மூணு நாலு நாள்ல முழுசு.

எதைத் தரணும்ங்கிறதுலதான் நம்ம வீட்டு நம்பிக்கைகள் உடையும். அம்மா உடனே, "தயிர்சாதம் பிசைஞ்சு தரவா? வயித்துக்கு இதம்"ன்னாங்க. டாக்டர் ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டினாங்க. பார்க்க வேண்டியது நூறு கிராமுக்கு எவ்வளவு கொழுப்புன்னு இல்லை, ஆயிரம் கலோரிக்கு எவ்வளவு கொழுப்புன்னு. இந்த நோய்க்கு அது 20 கிராம் பக்கத்துல, இல்லைன்னா அதுக்கும் கீழே இருந்தா நல்லது.

எங்க வீட்டுல வாங்குறது முழுக்கொழுப்புப் பால், 6 சதவீதம். அந்தப் பால்ல 100 மில்லிக்கு சுமார் 90 கலோரி, 6 கிராம் கொழுப்பு. அப்போ ஆயிரம் கலோரிக்கு 66 கிராம் பக்கம். அந்தப் பால்ல உறை குத்தின தயிர் இதமா இருக்கும், கணையத்துக்கு இல்லை. தோல் உரிச்ச கோழி நெஞ்சுக்கறி, வேகவச்சது 60 கிராம், சுமார் 100 கலோரி, 2 கிராம் சொச்சம் கொழுப்பு. குழைய வடிச்ச சாதம் 180 கிராம், சுமார் 234 கலோரி, கொழுப்பு அரை கிராம். ரெண்டையும் சேர்த்தா புஜ்ஜியோட முழு நாள் கணக்கு முடிஞ்சது, ஆயிரம் கலோரிக்கு 8 கிராம்தான் வருது. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வெங்காயம் பூண்டு இல்லவே இல்லை. முட்டை தரணும்னா வெள்ளைக்கரு மட்டும். இது சில வாரத்துக்குத்தான். இதுல கால்சியம், வைட்டமின் எல்லாம் பத்தாது, நாளாக நாளாக நாய்க்கு வேற குறை வரும்.

கடைச் சாப்பாடு வாங்கும்போது ஒரு பொறி இருக்கு. டின் உணவுல கொழுப்பு 4 சதவீதம்னு போட்டிருக்கும், உலர்ந்த உணவுல 10. டின்தான் குறைச்சல்னு தோணும். டின்ல ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணி. தண்ணியைக் கழிச்சா மிச்சம் இருக்கிற 20ல 4, அதாவது 20 சதவீதம். உலர்ந்ததுல தண்ணி 10 சதவீதம்தான், கழிச்சா 11 பக்கம்தான் வரும்.

ரெண்டாவது நாள் ராத்திரி, வாந்தி நின்னு பன்னிரண்டு மணி நேரம் ஆனப்புறம், அம்மா ஒரு ஸ்பூன் சாதத்தை விரல்ல வச்சு நீட்டினாங்க. புஜ்ஜி முகர்ந்துட்டுத் திரும்பிக்கிட்டா. அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாங்க. கால் மணி நேரம் கழிச்சு விரலை நக்கினா.

சாப்பாடு இங்க மருந்து மட்டும் இல்லை, அதுவே ஒரு டெஸ்ட் மாதிரி. கொழுப்பில்லாத சாப்பாடு கொஞ்சமா குடுத்தும் வாந்தியும் வலியும் திரும்ப வந்தா, வேகமா ஏத்திட்டோமா, முன்னே பார்த்ததுல அடைப்பைத் தவற விட்டோமா, கணையத்தைச் சுத்தி நீர் கட்டுதான்னு மறுபடி முதல்ல இருந்து பார்க்கணும். சாப்பிட்டுட்டு நிம்மதியாத் தூங்கினா அதுவே நல்ல சேதி. அஞ்சாவது நாள் சிபிஎல் திரும்பப் பார்க்கலாமான்னு கேட்டேன், நம்ம பழக்கம் விடுமா. "சாப்பிடறா, வலி இல்லை, வால் ஆட்டறா. அந்த எண் இன்னும் அதிகமா இருந்தா என்ன பண்ணுவீங்க சார்?"ன்னாங்க. பதில் இல்லை எங்கிட்ட.

அந்தப் பால் மாதிரி சீரம் ஞாபகம் இருக்கா? நான் தாண்டிப் போனது. ட்ரைகிளிசரைடு எகிறினா ரத்தம் அப்படித்தான் தெரியும். கொழுப்பு தின்ன மறுநாள் எடுத்ததுனால அதை வச்சு முடிவு பண்ண முடியாது. நாலு வாரம் கழிச்சு, 12 மணி நேரம் வெறும் வயித்துல பார்த்தோம். 640. அவங்க 500க்கு மேல போனாலே சும்மா விடறதில்லையாம். தைராய்டும் சர்க்கரையும் பார்த்தாச்சு, ரெண்டும் சரி. ஆக புஜ்ஜிக்கு ரத்தக் கொழுப்பு இயல்பாவே ஜாஸ்தி. தீபாவளிக் கிண்ணம் அதுக்கு மேல விழுந்த ஒரு அடி. நிறைய நாய்களுக்குக் காரணமே தெரியாமதான் இந்த நோய் வருது, மனுஷங்களுக்கு இருக்கிற மாதிரி மதுவும் பித்தக்கல்லும் இங்க ஆதிக்கம் செலுத்தறதில்லை.

இதை அம்மாகிட்ட விளக்கினேன். "அப்போ நான் குடுத்ததுனால இல்லையா?"ன்னாங்க. கொடுத்ததும் ஒரு காரணம்தான்மா, பத்து மணி நேரம் வீட்டுல வச்சிருந்தது நான்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லலை.

இப்போ புஜ்ஜிக்குக் கொழுப்பு குறைஞ்ச உலர் உணவு, தராசுல நிறுத்து, நாளைக்கு மூணு வேளை. பால் வாங்குறதும் மாறிடுச்சு, எனக்கும் சேர்த்து. போன வாரம் எடை பார்த்தோம், 6.9 கிலோ. பொங்கலுக்கு வந்த சித்தி நெய் முந்திரியோட ஒரு உருண்டை சர்க்கரைப் பொங்கலைக் கீழே நீட்டினப்போ, அம்மா எழுந்து போய் கையோட வாங்கி வாயில போட்டுக்கிட்டாங்க.

கேள்வி இருந்தா கமெண்ட்ல கேளுங்க. நாய்க்கு மருந்து எழுதித் தரச் சொல்லி மட்டும் கேக்காதீங்க, எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. வாந்தி நிக்காம, நான் சொன்ன மாதிரி பின்பக்கத்தைத் தூக்கிட்டு நின்னா, மனுஷ லேப் பக்கம் போகாம நேரா கால்நடை மருத்துவர்கிட்ட போங்க.